மேக்கப்புக்கு மேலே இரண்டாவது சன்ஸ்கிரீன்

காலையில் வீட்டில் போட்ட சன்ஸ்கிரீன் மதியம்வரை தாங்குமா என்பது, மதியத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ராயபுரத்தில் ஏ.சி. அறைக்குள், ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அதில் பெரும்பகுதி முகத்திலேயே இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையோரம் கன்டெய்னர் யார்டில் நிற்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் பாதி வியர்வையோடு வழிந்துவிடும், மீதியைக் கைக்குட்டை துடைத்துவிடும். டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை' என்ற வாசகம் வெயிலில் இருப்பவரை நினைத்து எழுதியது. அதனால் கடிகாரத்தைப் பார்த்துப் பூசவேண்டாம். இன்றைக்கு எத்தனை முறை வெளியே போகப்போகிறோம், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று காலையிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தை அறிய நிழலே போதும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். சென்னையில் ஏறத்தாழ ஒன்பதரை, பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை அப்படித்தான் இருக்கும். கத்திரி வெயில் மட்டும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் இன்னொருமுறை. ஆகஸ்டில் மேகம் போட்டுப் புழுக்கமாக இருக்கும் நாளிலும் மெல்லிய மேகத்தைத் தாண்டிக் கதிர் வரும். இந்தப் பகுதியில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கியதும் காசிமேட்டிலும் எண்ணூரிலும் உடம்பு குளிர்ந்து, வெயில் இறங்கிவிட்டதுபோலத் தோன்றும். காற்று குறைப்பது சூட்டை மட்டும்தான். கதிர் அப்படியே இருக்கிறது.

சரி, மதியம் திரும்பப் பூசவேண்டும் என்று முடிவாகிவிட்டது. முகத்திலோ ஃபவுண்டேஷன், காம்பாக்ட், பொட்டு, மை எல்லாம் இருக்கின்றன. அதன்மேல் கிரீமைத் தேய்த்தால் எல்லாம் கலந்து திட்டுத்திட்டாகிவிடும். இதற்காகத்தான் பவுடராகவும் ஸ்பிரேயாகவும் ஸ்டிக்காகவும் சன்ஸ்கிரீன் விற்கிறார்கள். மூன்றின் உறையிலும் கிரீமில் இருப்பதுபோலவே எஸ்.பி.எஃப். 30, 50 என்று போட்டிருக்கும். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பது தானாகவே விளங்கும்.

எஸ்.பி.எஃப். சோதனையில் தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் பூசி அளக்கிறார்கள். முகத்தின் பரப்பை ஏறத்தாழ 500 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு ஒரு கிராம் வேண்டும். கிரீமாக இருந்தால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் அந்த அளவு கிடைத்துவிடும். அளவு பாதியானால் பாதுகாப்பும் ஏறக்குறைய பாதியாகும், அதைவிடக் கீழேயும் போகலாம். காலையில் போட்ட 50-க்கு மேல் மதியம் 30 போட்டால் 80 ஆகிவிடாது. இரண்டு எஸ்.பி.எஃப். எண்களைக் கூட்டிப் பார்ப்பதில் பொருளே இல்லை.

பவுடர்

இப்போது கைப்பையில் இருக்கும் பவுடர் சன்ஸ்கிரீனை எடுத்து அடியில் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். பிரஷ் பொருத்திய சிறு குழாய்களில் பெரும்பாலும் நாலைந்து கிராம்தான் இருக்கும். ஐந்து கிராம் குழாயை நாளுக்கு ஒருமுறை பயன்படுத்தி இரண்டு மாதம் ஓட்டுகிறீர்கள் என்றால், ஒரு தடவைக்கு முகத்தில் விழுவது 80 மில்லிகிராம் சொச்சம். தேவைப்படுவது ஆயிரம். பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஒரு கிராம் போட்டே தீருவேன் என்று போட்டால் குழாய் ஐந்து நாளில் காலியாகும், முகமும் மாவில் புரட்டியதுபோல் ஆகிவிடும். எஸ்.பி.எஃப். 50 என்ற எண் பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணைத் தரும் அளவு பவுடரை யாரும் முகத்தில் போட்டுக்கொள்வதில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-இல் சன்ஸ்கிரீன்களுக்காக முன்வைத்த விதிகளில் கிரீம், ஸ்டிக், ஸ்பிரே ஆகியவற்றை ஒரு பக்கமும் பவுடரை வேறு பக்கமும் வைத்தது. பவுடர் வடிவத்துக்கு இன்னும் கூடுதல் தரவு வேண்டும் என்றது.

அதற்காகப் பவுடரைத் தூக்கி எறியவேண்டாம். அதற்கென்று ஒரு வேலை உண்டு. காலைப் பூச்சு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, சாப்பிடப் பத்து நிமிடம் தெருவைக் கடந்து போய்வரவேண்டும், முகத்தில் எண்ணெய் மினுமினுக்கிறது என்றால் பவுடர் சரியான பொருள். முதலில் டிஷ்யூவை மடித்து நெற்றி, மூக்கு, மோவாய் என்று ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஈரத்தின் மேல் பவுடர் விழுந்தால் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. பிரஷால் தடவுவதைவிடப் பஃபால் அழுத்தி ஒற்றினால் கூடுதலாகப் பிடிக்கும். ஒரு சுற்று முடிந்ததும் நெற்றியிலிருந்து மறுபடி ஆரம்பித்து இரண்டாவது சுற்றும் ஒற்றுங்கள். மூக்கருகே வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் பவுடரைத் தவிர்ப்பதே நல்லது. வாங்கும்போது நிறம் கலந்த பவுடராகப் பாருங்கள். வெறும் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் நம் நிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

சாதாரண முகப் பவுடரும் டால்கம் பவுடரும் இதில் சேராது. வியர்வையை அவை உறிஞ்சும், அவ்வளவுதான்.

ஸ்டிக்

மூன்றில் நான் அதிகம் நம்புவது ஸ்டிக்கைத்தான். மெழுகும் எண்ணெயும் சேர்ந்ததால் தோலில் பிடித்து நிற்கும். எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று ஓரளவு தெரியும். கண்ணுக்குக் கீழே போட்டால் வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்கும் தொல்லை கிரீமைவிடக் குறைவு. வெறும் தோலில் ஒரே இடத்தில் நாலு முறை மேலும் கீழும் இழுத்தால்தான் போதிய அளவு படியும். ஒரே இழுப்பு இழுத்துவிட்டு மூடிவைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. 20 கிராம் ஸ்டிக்கை தினமும் முகம் முழுக்க ஒழுங்காகப் போட்டால் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிடவேண்டும். மூன்று மாதம் வருகிறது என்றால் எவ்வளவு குறைத்துப் போடுகிறோம் என்பதற்கு அதுவே சாட்சி.

மேக்கப் மேல் நேரடியாக இழுத்தால் ஸ்டிக்கின் மெழுகு ஃபவுண்டேஷனைப் பெயர்த்துக்கொண்டு வரும். கன்னத்தில் கோடு விழும், ஸ்டிக்கின் முனை பழுப்பாகும். அதனால் முதலில் புறங்கையில் நாலைந்து முறை தேய்த்து இளக்கிக்கொள்ளுங்கள். அதை விரல் நுனியாலோ ஸ்பாஞ்சாலோ எடுத்து, கன்னத்து எலும்பு, மூக்குத் தண்டு, நெற்றி, மேலுதட்டுக்கு மேல் என்று தட்டித் தட்டி அழுத்துங்கள். விரலை இழுக்கவேண்டாம். ஒரு சுற்று போதாது, மூன்று சுற்றாவது வேண்டும். அப்போதும் ஒரு பகுதி புறங்கையிலும் ஸ்பாஞ்சிலும் தங்கிவிடும். புறங்கையில் தங்கியதைக் கழுவாமல் அங்கேயே பரப்பிவிடுங்கள், கைக்கும் வெயில் படுகிறது.

வட சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும், சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் முகத்தில் படிகின்றன. அதன்மேல் ஸ்டிக்கை இழுத்தால் மணல் வைத்துத் தேய்ப்பதுதான். தோல் சிவந்து எரியும், துகள்கள் மெழுகில் பதிந்து மறுநாளும் முகத்துக்கே வரும். வெளியே போய்வந்திருந்தால், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவால் முதலில் ஒற்றி எடுங்கள். டிஷ்யூவில் சாம்பல் நிறம் ஏறியிருந்தால் இன்னொன்று எடுங்கள். போட்டு முடித்ததும் ஸ்டிக்கின் முனையை உலர்ந்த டிஷ்யூவில் ஒருமுறை தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மூடுங்கள்.

ஸ்டிக்கை ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். வெயிலில் நின்ற வண்டியின் பெட்டிக்குள் மெழுகு உருகி, ஆறும்போது எண்ணெய் தனியாகவும் கட்டி தனியாகவும் பிரிந்து இறுகும். மேலே வியர்த்ததுபோல் எண்ணெய் முத்துகளும் உள்ளே நெறுநெறுப்பும் இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அது இனிச் சீராகப் படியாது.

ஸ்பிரே

மேக்கப் கலையாமல் போட ஸ்பிரேதான் எளிது. எளிது என்பதாலேயே அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். முகத்துக்கு நேரே இரண்டு முறை 'புஸ்' என்று அடித்ததும் ஈரம் பட்டுக் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். கையால் அழுத்தும் சிறு பாட்டில் ஓர் அழுத்தலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிதான் தரும். அத்தனையும் தோலில் விழுந்தாலும் பத்து அழுத்தல் வேண்டும். பாதி காற்றோடு போகிறது, மீதியில் ஒரு பங்கு தலைமுடிக்கும் துப்பட்டாவுக்கும் போகிறது. துறைமுகத்துக் கடற்காற்றில் நின்றுகொண்டு அடித்தால் பக்கத்தில் நிற்பவருக்குப் போட்டதாகத்தான் கணக்கு.

ஆகவே காற்றில்லாத அறைக்குள், ஒரு சாண் தூரத்தில், கண்ணையும் வாயையும் மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். நெற்றி, இடது கன்னம், வலது கன்னம், மோவாய் என்று பகுதி பகுதியாக, தோல் பளபளவென்று நனையும்வரை. ஒரு நிமிடம் உலரவிட்டு இன்னொரு சுற்று. பிறகு சுத்தமான ஸ்பாஞ்சால் லேசாகத் தட்டினால்தான் துளிகள் ஒன்றோடொன்று சேரும். தட்டாவிட்டால் புள்ளிப் புள்ளியாக நின்று நடுவில் வெற்றிடம் இருக்கும். இது கைப்பம்பு பாட்டிலுக்கு. வாயு அடைத்த ஏரோசால் டப்பாவை முகத்துக்கு நேரே அடிக்கவே கூடாது. கையில் அடித்து முகத்தில் பூசும்படிதான் அவற்றின் உறையே சொல்கிறது. அப்படிக் கையால் பூசவேண்டும் என்றால் மேக்கப் மேல் அதனால் என்ன லாபம்?

தொழிற்சாலைப் பகுதியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று இருக்கிறது. ஸ்பிரே சன்ஸ்கிரீன்களில் ஆல்கஹால் அதிகம், டப்பாவில் எரியும் வாயுவும் இருக்கும். அமெரிக்காவில் ஸ்பிரே அடித்துக்கொண்டவர்கள் நெருப்பருகே போய்த் தீக்காயம்பட்ட சம்பவங்களைச் சொல்லி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அதில் வெல்டிங் வேலையும் ஒன்று. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமோ எரிவாயுக் கிடங்குக்கோ வெல்டிங் நடக்கும் ஷெட்டுக்கோ போகும் நாளில் ஸ்பிரே வேண்டாம். பையிலும் வைத்திருக்கவேண்டாம். ஏரோசால் டப்பாவில் 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று எழுதியிருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் அந்தச் சூட்டை எட்டும்.

ஒரு நாளை எடுத்துப் பார்ப்போம்

திருவொற்றியூரில் வீடு, ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்சியில் வேலை. காலையில் பேப்பர் வேலை. பன்னிரண்டு மணிக்கு எண்ணூர்ப் பக்கமுள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் ஒரு கன்டெய்னரைச் சுங்க அதிகாரி திறந்து பார்க்கும்போது உடன் இருக்கவேண்டும். ஒன்றரைக்குத் திரும்பி வந்து சாப்பாடு. மூன்று மணிக்கு வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார், முகம் பார்க்கும்படி இருக்கவேண்டும். இப்படி ஒரு பெண்ணின் நாளை வைத்துக்கொள்வோம்.

காலை ஏழரைக்கு முகத்துக்கு இரண்டு விரல் அளவு கிரீம், கழுத்துக்கும் காதுக்கும் தனியாக இன்னொரு பங்கு. கால் மணி நேரம் படியவிட்ட பிறகு மேக்கப். அன்றைக்கு வெளிவேலை இருப்பதால் ஃபவுண்டேஷனை விட்டுவிட்டு நிறம் கலந்த சன்ஸ்கிரீனையே முகப்பூச்சாகப் போடச் சொல்வேன். மதியம் அதன்மேல் அதையே மறுபடி பூசினாலும் நிறம் ஒன்றுதான், திட்டு விழாது. இந்த ஒரு மாற்றம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் தடுக்கும். மங்கு உள்ளவர்களுக்கு அது முக்கியம், ஏனென்றால் நம் போன்ற மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, சாதாரண வெளிச்சமும் மங்கைக் கருக்கச் செய்யும். பவுடரிலும் ஸ்பிரேயிலும் நிறமில்லாத வகைகள் இதைத் தடுப்பதில்லை.

தேரடியிலிருந்து மெட்ரோ, பிறகு ஷேர் ஆட்டோ. ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்ததும் எதுவும் வேண்டியதில்லை. காலைப் பூச்சு அப்படியே இருக்கிறது. பதினொன்றேகாலுக்கு, கிளம்புவதற்கு முன்புதான் முடிவெடுக்கவேண்டிய நேரம். யார்டில் ஒரு மணி நேரம், உச்சி வெயில், நிழல் கிடையாது. இதற்குப் பவுடர் போதாது, ஸ்பிரேயும் போதாது. எண்ணெயை ஒற்றிவிட்டு, திரவமாக இருக்கும் சன்ஸ்கிரீனை நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் எடுத்து இரண்டு மெல்லிய சுற்றாகத் தட்டிப் போடுங்கள். ஃபவுண்டேஷன் போட்டிருந்தால் ஸ்டிக்கை மேலே சொன்னபடி மூன்று சுற்று. எப்படிப் போட்டாலும் அங்கே அதிகம் காப்பாற்றப்போவது குடையும், நெருக்கமாக நெய்த துப்பட்டாவும்தான். யார்டில் பாதுகாப்பு ஹெல்மெட் கட்டாயம் என்றால் அதன் முன்விளிம்பு நெற்றிக்கும் மூக்குக்கும் கொஞ்சம் நிழல் தரும், கன்னத்துக்கும் கழுத்துக்கும் தராது.

பலரும் மறக்கிற இடம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்: கழுத்து, பிடரி, காது, புறங்கை. இங்கெல்லாம் மேக்கப்பே இல்லை. பிறகு ஏன் பவுடரும் ஸ்பிரேயும்? கிரீமையே தாராளமாகப் பூசலாம். முகத்துக்கு மட்டும் பவுடர் ஒற்றிக்கொண்டு கிளம்புபவர்களின் கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாவது இப்படித்தான்.

ஒன்றரைக்குத் திரும்பும்போது முகம் முழுக்க வியர்வையும் புழுதியும். துப்பட்டா உரசி மூக்கு நுனியிலும் தாடையிலும் எல்லாம் போயிருக்கும். இதன்மேல் எதைப் போட்டாலும் அழுக்கைப் பூட்டி வைப்பதுதான். முகத்தைக் கழுவிவிடுங்கள். மையும் பொட்டும் இருக்கட்டும் என்றால் கன்னம், நெற்றி, மூக்கு மட்டும் ஈர டிஷ்யூவால் துடைக்கலாம். பிறகு கிரீமைப் புதிதாகப் போட்டு, கால் மணி நேரம் கழித்து மேக்கப்பை லேசாகச் சரிசெய்தால் மூன்று மணிச் சந்திப்புக்குத் தயார். மேக்கப்பைக் காப்பாற்றுகிறேன் என்று இந்த இடத்தில் பவுடர் போடுவதைத்தான் நான் வேண்டாம் என்பேன்.

நாலரைக்கு ஒரு தேநீருக்காகத் தெருமுனைக்குப் போகிறார். நிழல் ஆளைவிட நீண்டிருக்கிறது. இப்போது பவுடர் ஒரு சுற்று போதும், போடாவிட்டாலும் பெரிய குறையில்லை. மாலையில் பேருந்தின் மேற்குப் பக்க ஜன்னலோரம் நெடுநேரம் உட்காரவேண்டும் என்றால் இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் தோலைச் சிவக்கவைக்கும் கதிரைத்தான் அது பெரும்பாலும் தடுக்கிறது. கருக்கவைக்கும் யு.வி.ஏ. கதிரில் நிறைய உள்ளே வரும்.

போதவில்லை என்பதை எப்படி அறிவது

முகம் எரிந்து சிவந்தால் எல்லோருக்கும் தெரியும். நம் நிறத்தில் பெரும்பாலும் சிவப்பு தெரியாது. மாலையில் கன்னத்து எலும்பிலும் மூக்குத் தண்டிலும் சூடாக, இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் அந்த நாளைய பூச்சு போதவில்லை. கடிகாரப் பட்டை, தாலிச் சங்கிலி, ஹெல்மெட் வார் இவற்றின் அடியில் தோல் வெளிர்ந்தும் பக்கத்தில் கருத்தும் தெரிந்தால் பல வாரமாகவே போதவில்லை. மேலுதட்டின் மேலும் இரு கன்னத்திலும் ஒரே மாதிரிப் பழுப்புத் திட்டு படர்ந்தால் அது மங்காக இருக்கலாம். கடையில் கேட்டு வெளுக்கவைக்கும் கிரீம் வாங்கித் தடவாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவு பக்கம்தான். போகும் நாளில் மேக்கப் இல்லாமல் போங்கள். பயன்படுத்தும் கிரீம், பவுடர், ஸ்டிக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.